மனை வாங்கும் முன் நிலுவை வழக்கைக் கண்டுபிடிப்பது எப்படி? லிஸ் பெண்டன்ஸ் பற்றி ஒரு வழிகாட்டி

மனை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். முப்பது வருடத்துக்கு எடுத்து, அடமானம் எதுவும் இல்லை, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது என்றால் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அந்த நிலத்தின்மேல் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்தால் அது அந்தச் சான்றில் வர வேண்டிய அவசியம் இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் வருவதும் இல்லை. பதிவு அலுவலகத்துக்கு வந்த ஆவணங்களைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். வழக்கின் பிராது நீதிமன்றத்தில் தாக்கலாகிறது, அங்கேயே இருக்கிறது.

இதில் மாட்டியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது." வருத்தமான விஷயம், சட்டம் அதைக் கேட்காது.

சட்டம் என்ன சொல்கிறது

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 52-வது பிரிவு. ஒரு அசையாச் சொத்தின் உரிமை நேரடியாகவும் குறிப்பாகவும் கேள்விக்குள்ளான வழக்கு நிலுவையில் இருக்கும்போது, அந்த வழக்கில் உள்ள ஒருவர் சொத்தை விற்கலாம். ஆனால் அந்த விற்பனை, வழக்கின் எதிர்த்தரப்புக்குத் தீர்ப்பில் கிடைக்கப்போகும் உரிமையைத் தொட முடியாது. இதைத்தான் லிஸ் பெண்டன்ஸ் என்கிறார்கள்.

பலர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். விற்பனை செல்லாது என்று 52-வது பிரிவு சொல்லவில்லை. பத்திரம் பதிவாகும், பட்டாவும் மாறக்கூடும். ஆனால் வாங்கியவர், விற்றவருடைய இடத்தில் போய் நிற்கிறார். விற்றவர் ஜெயித்தால் வாங்கியவருக்கும் நிலம் உண்டு. தோற்றால், வழக்கில் பெயரே இல்லாத வாங்கியவரும் அதோடு தோற்கிறார்.

நல்லெண்ணத்தோடு, முழு விலை கொடுத்து, வழக்கு தெரியாமல் வாங்கினேன் என்ற வாதம் இங்கே எடுபடாது. குருசாமி நாடார் எதிர் லட்சுமி அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. முதலில் ஒப்பந்தம் போட்டவர் வழக்குப் போட்டபின் அதே சொத்தை இன்னொருவர் வாங்கியிருந்தார். அவர் நல்லெண்ணத்தில் வாங்கியவர்தான் என்றாலும் 52-வது பிரிவு அவரையும் கட்டும் என்றது தீர்ப்பு.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, நிலுவை எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது. பிராது நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்ட நாளிலேயே தொடங்கிவிடுகிறது. எதிர்த்தரப்புக்குச் சம்மன் போயிருக்க வேண்டியதில்லை. தீர்ப்பு வந்தவுடன் முடிவதும் இல்லை. இறுதித் தீர்ப்பாணை வந்து, அது முழுமையாக நிறைவேற்றப்படும் வரையோ, நிறைவேற்றக் கேட்பதற்கான காலவரம்பு தீரும் வரையோ நீடிக்கும். நிறைவேற்று மனு போடப் பொதுவாகப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. அதனால் "அந்தக் கேஸ் எப்பவோ முடிஞ்சு போச்சு சார்" என்று தரகர் சொன்னால் அங்கே நின்றுவிடக்கூடாது.

வெறும் பண வழக்கு இந்தப் பிரிவுக்குள் வராது. விற்பவர் ஒருவரிடம் கடன் வாங்கி, அவர் பணத்துக்காக வழக்குப் போட்டிருந்தால், அந்த நிலத்தின் உரிமை அதில் கேள்வியாக இல்லை. அந்த வழக்கில் நிலம் ஜப்தி ஆகியிருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஜப்திக்கு வேறு விதி இருக்கிறது.

ஒரு உதாரணம்: விட்டுப்போன தங்கைகள்

தமிழ்நாட்டில் மனை வாங்குகிறவர்களுக்கு அடிக்கடி வரும் ஆபத்து பாகப்பிரிவினை வழக்கு. ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் அப்பா 1988-இல் தன் சொந்தப் பணத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் வாங்குகிறார். 2009-இல் உயில் எழுதாமல் இறக்கிறார். அம்மா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வாரிசுகள் இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு, அதாவது 30 சென்ட். ஆனால் 2014-இல் அண்ணனும் தம்பியும் மட்டும் உட்கார்ந்து, ஆளுக்கு 60 சென்ட் என்று பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிடுகிறார்கள். பட்டாவும் உட்பிரிவாகி அவரவர் பெயருக்கு மாறுகிறது. தங்கைகள் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பத்திரம் அவர்களைக் கட்டாது.

2021 மார்ச்சில் மூத்த தங்கை வழக்குப் போடுகிறார். 2022-இல் அண்ணன் தன் 60 சென்ட்டை மனைகளாகப் பிரித்து, அங்கீகாரம் வாங்கி, சாலைகளை ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கிறார். 2023-இல் நீங்கள் அதில் 1,200 சதுர அடி மனை ஒன்றை வாங்குகிறீர்கள்.

1988-இலிருந்து நீங்கள் எடுக்கும் வில்லங்கச் சான்றில் 1988 கிரையம், 2014 பாகப்பிரிவினை, 2022 தானப் பத்திரம், அவ்வளவுதான் இருக்கும். பார்க்கச் சுத்தமாகத் தெரியும். மனைப்பிரிவு அங்கீகாரமும் இருக்கிறது. ஆனால் அங்கீகாரம் கொடுப்பவர்கள் சாலை அகலம், பூங்கா இடம் போன்றவற்றைப் பார்க்கிறார்கள். உரிமை யாருக்கு என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை இல்லை.

2025-இல் முதல்நிலைத் தீர்ப்பாணை வருகிறது: நான்கு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. அண்ணனுக்கு உண்மையில் இருந்தது 30 சென்ட். விற்றதோ 60 சென்ட்டில் போட்ட மனைகளை. இனி நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் சர்வேயரோடு வந்து நிலத்தை அளந்து, எந்தப் பகுதி யாருக்கு என்று பிரித்து அறிக்கை கொடுப்பார். உங்கள் மனை அண்ணன் பங்கில் விழுந்தால் தப்பித்தீர்கள். தங்கை பங்கில் விழுந்தால் பத்திரம் கையில் இருந்தும் நிலம் போய்விடும்.

டி.ஜி. அசோக் குமார் எதிர் கோவிந்தம்மாள் என்ற 2010-ஆம் ஆண்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கணக்கைத்தான் விளக்கியது. விற்றவருக்கு முழு உரிமை என்று தீர்ப்பானால் வாங்கியவருக்கு முழுதும். ஒரு பகுதிக்கு மட்டும் உரிமை என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும். சொத்து வேறு ஒருவருக்குப் போனால் வாங்கியவருக்கு ஒன்றும் இல்லை. நிலுவை வழக்குகளைப் பதிவு செய்யும் முறை இருந்தால் அப்பாவி வாங்குபவர்கள் காப்பாற்றப்படுவார்கள் என்றும் நீதிமன்றம் அதே தீர்ப்பில் ஆதங்கப்பட்டது. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் பழைய பம்பாய்த் திருத்தத்தின்படி வழக்கு பற்றிய அறிவிப்பைப் பதிவு செய்யும் ஏற்பாடு இருக்கிறது. நம்மிடம் அது இல்லாததால் தேடும் வேலை முழுக்க வாங்குபவர் தலையில் விழுகிறது.

படி 1: வழக்குப் போடக்கூடியவர்கள் யார் என்று பட்டியல் எழுதுங்கள்

நீதிமன்றத்தில் தேடுவதற்கு முன் பெயர்கள் வேண்டும். விற்பவரிடம் 1988 தாய்ப் பத்திரம், அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, 2014 பத்திரம் நான்கையும் கேளுங்கள். பிறகு வாரிசுச் சான்றையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாரிசுச் சான்றில் நான்கு பெயர், பத்திரத்தில் இரண்டு கையெழுத்து. இந்த ஒரு வித்தியாசம், எந்த இணையதளமும் காட்டாததை ஐந்து நிமிடத்தில் காட்டிவிடும். வழக்கு இன்னும் வராவிட்டால்கூட, வரக்கூடிய இடம் இதுதான்.

விடுபட்டவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அதன் பதிவு எண்ணோடு காட்டச் சொல்லுங்கள். "அவங்களுக்குக் கல்யாணத்துலயே நகை போட்டுச் செஞ்சாச்சு" என்ற பதில் வந்தால் அது விடுதலைப் பத்திரத்துக்குச் சமம் ஆகாது. வாரிசுச் சான்றையே தரத் தயங்கினால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பட்டியலில் அப்பா, நான்கு பிள்ளைகள், யாராவது இறந்திருந்தால் அவர்களின் வாரிசுகள் எல்லோரும் இருக்க வேண்டும். பவர் ஏஜென்ட் விற்கிறார் என்றால் அவர் பெயரில் தேடிப் பயனில்லை. பவர் கொடுத்த உரிமையாளர் பெயர் வேண்டும்.

படி 2: இ-கோர்ட்ஸில் தேடுவது

services.ecourts.gov.in தளத்தில் வழக்கு நிலை என்ற பகுதிக்குப் போய், மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்து, Party Name என்பதில் தேட வேண்டும். இதில் மூன்று இடங்களில் வழக்கு கையைவிட்டு நழுவும்.

ஒன்று, எழுத்துக்கூட்டல். தளத்தில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. கந்தசாமி என்ற பெயரை ஒரு குமாஸ்தா Kandasamy என்றும், இன்னொருவர் Kandaswamy என்றும் அடித்திருப்பார். முழுப் பெயரைப் போட்டால் ஒன்று வந்து மற்றது விடுபடும். Kandas என்று பொதுவான முன்பகுதியை மட்டும் போடுங்கள். முதலெழுத்து சிலர் பெயருக்கு முன்னும் சிலர் பின்னும் போட்டிருப்பார்கள், அதனால் அதை விட்டுவிடுங்கள். முடிவுகள் நிறைய வரும், பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

இரண்டு, வருடம். பெயரோடு வழக்கு பதிவான வருடமும் கேட்கும். அதனால் அப்பா இறந்த 2009-இலிருந்து இன்றுவரை ஒவ்வொரு வருடமாகப் போட வேண்டும். நிலுவை, முடிந்தது என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் Both என்று வையுங்கள். முடிந்த வழக்கில் மேல்முறையீடு ஓடிக்கொண்டிருக்கலாம். முதல்நிலைத் தீர்ப்பாணை வந்த பாகப்பிரிவினை வழக்கும் முடிந்ததாகக் காட்டப்படலாம். அதில் இறுதித் தீர்ப்பாணை வரும்வரை வழக்கு உயிரோடுதான் இருக்கிறது. அப்படி வருடக்கணக்காகக் கிடக்கும் வழக்குகள் ஏராளம்.

மூன்றாவது பலருக்குத் தெரியாதது. நிலம் இருக்கும் ஊர் நீதிமன்றத்தில் மட்டும் தேடினால் போதும் என்று நினைப்பார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, குடும்பச் சொத்துகள் வெவ்வேறு நீதிமன்ற எல்லைகளில் இருந்தால், ஏதாவது ஒரு சொத்து இருக்கும் இடத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழக்குப் போடலாம். அப்பாவுக்கு விழுப்புரம் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தால், செங்கல்பட்டு மனையைப் பற்றிய வழக்கு விழுப்புரத்தில் இருக்கலாம். குடும்பத்துக்கு வேறு எங்கே சொத்து இருக்கிறது என்று கேட்டு அந்த வளாகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாவட்டத்துக்குள் முன்சீப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம் வேறு வேறு வளாகங்களில் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்துக்குத் தனித் தேடல், hcservices.ecourts.gov.in தளத்தில்.

தொடர்புள்ளதாகத் தெரியும் வழக்கைத் திறந்தால் பதினாறு எழுத்து-எண் கொண்ட CNR எண் இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாய்தா, கட்டம், இடைக்கால மனுக்கள் எல்லாவற்றையும் அதை வைத்துத் தொடர்ந்து பார்க்கலாம்.

படி 3: சொத்து விவரத்தைப் படியுங்கள்

பெயர் ஒத்துப்போவதால் மட்டும் முடிவுக்கு வரக்கூடாது. வழக்கு எந்த நிலத்தைப் பற்றியது என்பது பிராதின் கடைசியில் வரும் சொத்து விவரத்தில்தான் இருக்கும். உங்கள் வழக்கறிஞர் மூலம் நகல் மனுப் போட்டு அதை வாங்குங்கள். வழக்கில் இல்லாத மூன்றாம் நபர் கேட்பதால், எதற்குத் தேவை என்று காரணம் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கும். அதற்குள் அவசரப்படுத்தும் விற்பவரிடம் வழக்கில் வந்த நகலையே கேட்கலாம்.

அதில் சர்வே எண் வேறாகத் தெரியலாம். பிராதில் 112/2 என்றிருக்கும், உங்கள் மனையின் பட்டாவில் 112/2பி3 என்றிருக்கும். இது வேறு நிலம் என்று விற்பவர் சொல்வார். ஆனால் பாகம் பிரிந்து பட்டா மாறும்போது 112/2 தான் உடைந்து 112/2பி3 ஆகியிருக்கும். எந்த எண் எதிலிருந்து வந்தது என்பதை eservices.tn.gov.in தளத்தில் எடுக்கும் அ-பதிவேடு, புலப்படம் இரண்டையும் தாய்ப் பத்திரத்தின் நான்கு எல்லைகளோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். எண்கள் ஏமாற்றினாலும் எல்லைகள் பெரும்பாலும் உண்மையைச் சொல்லும்.

படி 4: வழக்கு இருக்கிறது என்று தெரிந்தபின்

பெரும்பாலானவர்களுக்கு எங்கள் ஆலோசனை, வேறு மனையைப் பாருங்கள் என்பதுதான். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பது வழக்கைக் குறைக்காது. தடையாணை எதுவும் இல்லை, பதிவாகும் என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம், வழக்கு நிலுவை என்பதற்காக மட்டும் சார்பதிவாளர் பதிவை மறுப்பதில்லை. ஆனால் தடையாணை இல்லாவிட்டாலும் 52-வது பிரிவு தானாகவே வேலை செய்யும்.

அந்த மனைதான் வேண்டும் என்றால் பாதுகாப்பான வழி, வழக்குப் போட்டவர்களையும் உள்ளே கொண்டுவருவது. தங்கைகள் இருவரும் தங்கள் பங்குக்கான பணத்தை வாங்கிக்கொண்டு உங்கள் கிரையப் பத்திரத்தில் அண்ணனோடு சேர்ந்து விற்பவர்களாகக் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கில் தம்பியும் தரப்பாக இருப்பதால் அவர் கையெழுத்தும் வேண்டும். கூடவே நீதிமன்றத்தில் சமரச மனுத் தாக்கல் செய்து, அதன் அடிப்படையில் தீர்ப்பாணை வாங்க வேண்டும். 52-வது பிரிவே நீதிமன்ற அனுமதியோடு நடக்கும் விற்பனைக்கு இடம் கொடுக்கிறது. அதற்கு மனுப் போட்டு, நீதிபதி விதிக்கும் நிபந்தனைகளின்படி வாங்குவதும் ஒரு வழி.

வழக்கை வாபஸ் வாங்கிவிட்டார்கள் என்று காட்டினால் உத்தரவைப் படியுங்கள். புதிதாக வழக்குத் தொடர அனுமதியோடு வாபஸ் ஆகியிருந்தால் நாளைக்கே மறுபடி வரலாம். வாதி ஆஜராகாததால் தள்ளுபடி என்றால் அதை மீட்க மனுப் போட முடியும், தாமதத்தை மன்னிக்கக் கேட்டுப் பல மாதம் கழித்தும் போடுவார்கள்.

விலை கொடுக்கும் முன் நாளிதழில் பொது அறிவிப்புக் கொடுப்பதும் நல்லது. அது லிஸ் பெண்டன்ஸிலிருந்து உங்களைக் காப்பாற்றாது. ஆனால் எதிர்ப்பு இருப்பவர்கள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புவார்கள், பிரச்சினை பணம் போகும் முன்பே வெளியே வரும்.

படி 5: பதிவு நாள் காலையில்

கிரைய ஒப்பந்தம் போட்டபோது தேடியது, மூன்று மாதம் கழித்துப் பதிவு செய்யும்போது பழையதாகிவிடும். முந்தைய நாளும் பதிவு நாள் காலையும் மறுபடி தேடுங்கள். ஒரு இடைவெளி மட்டும் எப்படியும் இருக்கும்: பிராது தாக்கலாகி, குறைகளுக்காகத் திருப்பப்பட்டு, எண் கிடைக்கும் வரை சில வாரங்கள் அது தேடலில் தெரியாமல் போகலாம். சட்டக் கணக்கு தாக்கல் நாளிலிருந்து ஓடுகிறது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் முதல் படியில் எழுதிய பட்டியல். விடுபட்ட வாரிசு எவரும் இல்லாத சொத்தில் இந்த ஆபத்து மிகவும் குறைந்துவிடும்.

பத்திரத்தில், சொத்தின்மேல் எந்த வழக்கும் இல்லை என்ற உறுதிமொழியையும், வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டுவேன் என்ற வாசகத்தையும் எழுதச் சொல்லுங்கள். விற்பவரிடம் வேறு சொத்து இல்லாவிட்டால் அந்த வாசகத்தை வைத்து வசூலிக்க எதுவும் இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால்

முதல் வேலை வழக்கில் சேருவது. விற்றவர் பணத்தை வாங்கியபின் வழக்கை அக்கறையாக நடத்த மாட்டார். பல நேரம் ஆஜராகாமல் விட்டு, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 1 விதி 10, கட்டளை 22 விதி 10 ஆகியவற்றின் கீழ் உங்களைத் தரப்பாகச் சேர்க்க மனுப் போடலாம். நிலுவையில் வாங்கியவரையும் சேர்க்கலாம் என்று தாம்சன் பிரஸ் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. நீதிமன்றம் சேர்த்தே ஆக வேண்டும் என்று கேட்க முடியாது, ஆனால் தாமதிக்கத் தாமதிக்க வாய்ப்புக் குறையும்.

மேலே சொன்ன உதாரணத்தில் சேர்ந்தபின் கேட்க வேண்டியது ஒன்று: அண்ணனுக்கு ஒதுக்கும் 30 சென்ட்டை, முடிந்தவரை அவர் விற்ற மனைகள் இருக்கும் இடத்திலேயே ஒதுக்குங்கள் என்று. மற்றவர்கள் பங்கு பாதிக்காத வரை நீதிமன்றங்கள் இதைப் பரிசீலிக்கும். ஆணையர் நிலத்தை அளக்க வருவதற்கு முன்பே இந்தக் கோரிக்கை பதிவில் இருக்க வேண்டும். அறிக்கை வந்து இறுதித் தீர்ப்பாணை ஆனபின் கேட்டால் பயனில்லை. நீதிமன்ற அமீனா வந்து நிலத்தை ஒப்படைக்கச் சொல்லும்போது மறித்தாலும், மறிப்பவரின் எதிர்ப்பை நீதிமன்றம் விசாரிக்கும் பாதுகாப்பு கட்டளை 21 விதி 102-இன்படி நிலுவையில் வாங்கியவருக்குக் கிடையாது. 2008-இல் உஷா சின்ஹா வழக்கிலும் அதுவே முடிவு.

மனை போய்விட்டால் பணத்தைத் திரும்பப் பெறுவது தனிப் போராட்டம். விற்பவர் உரிமையில் உள்ள குறையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. அதை வைத்து ஈடு கேட்கலாம், தெரிந்தே மறைத்திருந்தால் ஏமாற்றுக் குற்றப் புகாரும் கொடுக்கலாம். மனைப்பிரிவு 500 சதுர மீட்டருக்கு மேல் இருந்து, ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவானதாக இருந்தால் இன்னொரு நல்ல வழி உண்டு. ரெரா சட்டத்தின் 18-வது பிரிவு, இரண்டாவது உட்பிரிவின்படி நில உரிமைக் குறையால் வந்த நஷ்டத்தை மனைப்பிரிவு போட்டவர் ஈடுசெய்ய வேண்டும், அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பு கிடையாது. நம் உதாரணத்தின் 60 சென்ட் சுமார் 2,400 சதுர மீட்டர் என்பதால் அண்ணன் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டியவர்தான். அந்தப் பதிவில் வழக்கு பற்றி என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்பதை இப்போதே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்போது இல்லை என்று எழுதியிருந்தால், தெரிந்தே மறைத்தார் என்பதற்கு அதுவே சான்று.